குடும்பச் சுற்றுலா: சாட்பாட் போட்ட திட்டத்தோடு கிளம்பலாமா, சரிபார்க்கலாமா, டிராவல்ஸில் கொடுத்துவிடலாமா?

விடுமுறை நெருங்கினாலே வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சாட்பாட்டிடம் ஊர்ப்பெயரையும் நாள்களையும் கொடுத்தால், காலை, பகல், மாலை என்று பிரித்து ஒரு நிமிடத்தில் திட்டம் போட்டுத் தந்துவிடுகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பலாமா? ஒவ்வொன்றையும் வேறிடத்தில் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமா? அவ்வளவு பார்க்க வேண்டியிருந்தால் திட்டத்தை நாமே போட்டுவிடலாமே? பேசாமல் டிராவல்ஸ்காரரிடம் ஒப்படைப்பதுதான் நல்லதா?

பொதுவாகப் பேசினால் எதற்கும் பிடி கிடைக்காது. ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு இந்த நான்கு வழிகளையும் அதன்மேல் வைத்துப் பார்ப்போம். கோவையிலிருந்து மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, நான்கு நாள். அப்பா, அம்மா, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி. பாட்டிக்கு மூட்டுவலி, பகலில் ஒரு மணி நேரமாவது படுத்தாக வேண்டும். வாடகைக் காரில் பயணம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, தகவல் எவ்வளவு புதியது. நேரமும் கட்டணமும் வழியும் மாறிக்கொண்டே இருப்பவை. இரண்டாவது, திட்டம் உங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொருந்துகிறதா. மூன்றாவது, திட்டம் போட நீங்கள் செலவழிக்கும் நேரம். நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஒரு தகவல் தப்பாக இருந்தால் என்ன இழப்பு, அதை யார் சரிசெய்வது? சாப்பாட்டுக் கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். கோயில் நடை சாத்தியிருந்தால் அரை நாள் போய்விடும். படகு நின்றுபோயிருந்தால் அந்த ஊருக்கு வந்த காரணமே போய்விடும். எல்லாத் தப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

## வழி 1: சாட்பாட் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது

மேலே சொன்ன விவரங்களைச் சுருக்கமாகக் கொடுத்தால், பெரும்பாலும் கீழே உள்ளதைப் போன்ற ஒரு திட்டம்தான் வரும்.

முதல் நாள் காலை 7 மணிக்குக் கோவையில் கிளம்பி, 11.30-க்கு மதுரை, உடனே மீனாட்சியம்மன் கோயில், மாலையில் திருமலை நாயக்கர் மகால். இரண்டாம் நாள் காலை 8 மணிக்குக் கிளம்பி 11-க்கு ராமேஸ்வரம், தீர்த்தமாடல், தரிசனம், தனுஷ்கோடியில் சூரிய அஸ்தமனம். மூன்றாம் நாள் திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி, மாலை 3.30-க்கு விவேகானந்தர் பாறைக்குப் படகு. நான்காம் நாள் காலையில் சூரிய உதயம், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்புதல்.

படிக்கும்போது எதுவுமே உறுத்தாது. ஊர்களின் வரிசை சரி, பார்க்க வேண்டிய இடங்களும் சரி. ஆனால் அந்த ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் கண்ணுக்கு நான்கு இடத்தில் இடிக்கும்.

மீனாட்சியம்மன் கோயிலில் பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 11.30-க்கு ஊருக்குள் நுழைந்து, வண்டியை நிறுத்தி, செருப்பை விட்டு, கைப்பேசிகளை ஒப்படைத்துவிட்டு வரிசைக்குப் போவதற்குள் 12 மணி தாண்டிவிடும். 2018-இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை; ஆறு பேரின் கைப்பேசிகளைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கவும் நேரம் பிடிக்கும்.

ராமேஸ்வரத்தில் பகல் 1 மணி வாக்கில் நடை சாத்தி 3 மணி வாக்கில் திறக்கிறார்கள். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணி மாற்றிவிட்டுத்தான் சன்னதிக்குப் போக முடியும். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போனால் இதற்கு மட்டுமே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 11 மணிக்கு ஊருக்குள் வந்து 1 மணிக்குள் முடிப்பது நடக்காத காரியம்.

தனுஷ்கோடியில் அஸ்தமனம் என்பதும் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டுவதற்கு முன்பே தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு வண்டி விடுவதை நிறுத்திவிடுவார்கள். அங்கிருப்பவர்களையும் கிளம்பச் சொல்வார்கள். அப்புறம் கன்னியாகுமரிப் படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் காலை 8 முதல் மாலை 4 வரைதான் படகு விடுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வந்து, நடுவில் திருச்செந்தூரில் வரிசையில் நின்றுவிட்டு, 3.30-க்குப் படகுத்துறையில் நிற்கும் திட்டத்தில் ஒரு டயர் பஞ்சரானாலும் எல்லாம் போச்சு.

சாட்பாட்டுக்கு இந்த நேரங்கள் தெரியவே தெரியாது என்று சொல்லவில்லை. தனியாகக் கேட்டால் மதுரைக் கோயிலின் நடை நேரத்தைச் சரியாகவே சொல்லலாம். பல ஊர்களை ஒரு நாளுக்குள் அடுக்கும்போது, அந்த நேரத்தையும் காரின் வேகத்தையும் ஆட்களின் நடையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில்தான் அது வழுக்குகிறது.

இன்னொரு வகைத் தப்பு பழைய தகவலால் வருவது. பாம்பன் ரயில் பாலம் நல்ல எடுத்துக்காட்டு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்றன. அந்த இரண்டே கால் ஆண்டில் இணையத்தில் எழுதப்பட்டவை எல்லாம் மண்டபத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கத்தான் சொல்லும். சாட்பாட் படித்துவைத்த நினைவிலிருந்து பதில் சொன்னால் அந்தக் காலத்துப் பதிலே வரலாம். கன்னியாகுமரியிலும் இப்படித்தான். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதியவற்றில், சிலைக்குத் தனிப் படகு, கடல் உள்வாங்கினால் அந்தப் படகு இல்லை என்றுதான் இருக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு: தப்பு தெரியவருவது பயணத்தின் நடுவில். ரூமுக்குப் பணம் கட்டியிருப்பீர்கள், டிரைவர் காத்திருப்பார், பாட்டி காரில் உட்கார்ந்திருப்பார். யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

எப்போது இது போதும்: உள்ளூரிலேயே அரை நாள் சுற்றல், முன்பதிவு எதுவும் இல்லாத பயணம், ஒன்று மூடியிருந்தால் இன்னொன்றுக்குப் போய்விடலாம் என்ற நிலை. பெரியவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் வேண்டாம்.

## வழி 2: சாட்பாட் வரைவு, சரிபார்ப்பு வெளியே

என் பரிந்துரை இதுதான். ஆனால் சரிபார்ப்பது என்றால் கண்ணில் படும் எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருப்பது இல்லை. அப்படிச் செய்தால் இரண்டு நாள் போய்விடும். எது தப்பினால் அந்த நாளே கவிழுமோ, அதை மட்டும் பார்த்தால் போதும். நம் பயணத்தில் அப்படிப்பட்டவை ஐந்து: மதுரையில் நடை நேரம், ராமேஸ்வரத்தில் நடை நேரம், தனுஷ்கோடிக்குக் கடைசியாக வண்டி விடும் நேரம், கன்னியாகுமரிப் படகு, ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரையான பயண நேரம். நாயக்கர் மகாலும் சாப்பாட்டுக் கடைகளும் இந்தப் பட்டியலில் வராது.

சாட்பாட்டிடம் கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கே போகலாம் என்று மட்டும் கேட்காமல், யார் யார் வருகிறார்கள், யாருக்கு எவ்வளவு நடக்க முடியும், பகல் ஓய்வு எத்தனை மணிக்கு, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் காரில் இருக்கலாம் என்பதையெல்லாம் முதலிலேயே கொடுங்கள். இணையத் தேடலை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் விலைக்கும் பக்கத்தில் அது எடுத்த பக்கத்தின் இணைப்பைப் போடச் சொல்லுங்கள். இணைப்பு இல்லாத எண்ணை நினைவிலிருந்து எடுத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். இணைப்பு இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. திறந்து பார்த்தால் அந்த எண் அந்தப் பக்கத்திலேயே இல்லாமல் போவதுண்டு. தலைப்பில் புது ஆண்டைப் போட்டுவிட்டு, உள்ளே பழைய தகவலையே வைத்திருக்கும் பயணப் பக்கங்களும் நிறைய.

### திறக்கும் நேரத்தை எங்கே பார்ப்பது?

மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பலம் வேறு.

அறநிலையத் துறையின் hrce.tn.gov.in தளத்திலும் அந்தந்தக் கோயிலின் பக்கத்திலும் வழக்கமான நடை நேரம் இருக்கும். அது சாதாரண நாளுக்கான நேரம். மார்கழியில் பல கோயில்களில் நடை திறப்பு முன்னதாக நகரும், கிரகணத்தன்று சாத்துவார்கள், திருவிழா நாளில் சாமி புறப்பாட்டுக்கு ஏற்ப எல்லாம் மாறும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆகவே தேதியை முடிவு செய்யுமுன் முதல் வேலை, பஞ்சாங்கத்தையோ நாள்காட்டியையோ புரட்டுவது. தேதியைக் கொடுத்தால்கூட சாட்பாட் இதைத் தானாக இணைத்துப் பார்க்காமல் போகலாம்.

கூகுள் மேப்பில் காட்டும் நேரத்தைப் பொதுமக்களும் திருத்தலாம். சில கோயில்களுக்குப் பகல் இடைவேளையே இல்லாமல் காலை முதல் இரவு வரை திறந்திருப்பதாகக் காட்டும். அங்கே உருப்படியானது விமர்சனப் பகுதி. அதை Newest என்று வரிசைப்படுத்திவிட்டு, போன மாதம் போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். படகு நிற்கிறது, திருப்பணி நடக்கிறது, வாகன நிறுத்தத்தை இடம் மாற்றிவிட்டார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியவரும்.

மூன்றாவது தொலைபேசி. கோயில் அலுவலகத்தில் எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் நீங்கள் தங்கப்போகும் லாட்ஜின் வரவேற்பு மேசையைக் கூப்பிடுங்கள். தினமும் பத்துப் பேருக்கு இதே பதிலைச் சொல்பவர்கள் அவர்கள். எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "கோயில் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டால் பலகையில் எழுதியிருப்பதைத்தான் சொல்வார்கள். "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தா தீர்த்தமாடி, சாமி பார்த்துட்டு வந்துடலாமாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கூட்டம் எப்படி, எத்தனை மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று உண்மையான பதில் கிடைக்கும். தனுஷ்கோடிக்குக் கடைசியாக எப்போது வண்டி விடுவார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கன்னியாகுமரிப் படகு மட்டும் எந்தத் தளத்திலும் முன்கூட்டியே உறுதியாகாது. காற்றும் அலையும் பார்த்து அன்று காலையில்தான் முடிவு செய்வார்கள். அதனால் அதைத் திட்டத்தின் கடைசி மணி நேரத்தில் வைக்காமல், ஒரு முறை தவறினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும்படி காலையில் வையுங்கள்.

### பயண நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

சாட்பாட் சொல்லும் பயண நேரம் பெரும்பாலும் தூரத்திலிருந்து வரும் மதிப்பீடு. ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 5 மணி நேரம் என்று போட்டுவிடும். கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று போகும் அந்தக் கடற்கரைச் சாலையை, மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையின் வேகத்தில் ஓட்ட முடியாது. ஊருக்கு ஊர் வேகத்தடை, சந்தை, பேருந்து நிறுத்தம்.

கூகுள் மேப் இங்கே நிச்சயம் மேல். ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால், அப்போதைய வெற்றுச் சாலையின் நேரத்தைத்தான் காட்டும். புறப்படும் நாளையும் மணியையும் மாற்றிவைத்துவிட்டுப் பாருங்கள். அதன்மேல் வீட்டுக் கணக்கைச் சேர்க்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம், உட்கார்ந்து சாப்பிட முக்கால் மணி நேரம். மதுரை–ராமேஸ்வரம் சுமார் 175 கிலோமீட்டர். மேப் மூன்றேகால் மணி நேரம் காட்டினால் நான்கு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் படமெடுக்க நிறுத்தும் வண்டிகளால் விடுமுறை நாளில் ஏற்படும் தேக்கம் தனி. அந்தக் கடற்கரைச் சாலைக்கு ஆறரை முதல் ஏழரை மணி நேரம் வைத்தால்தான் நிம்மதி.

டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த வழியில் அடிக்கடி போகிறவருக்கு எங்கே பாலம் வேலை நடக்கிறது, எங்கே மாற்றுப்பாதை என்பது மேப்பில் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

### விலையில் எங்கே தப்பு வரும்?

குடும்பப் பயணத்தில் ஆள்வாரிச் சலுகைகள்தான் கணக்கைக் கவிழ்க்கின்றன. இதே பயணத்தின் ஒரு பகுதியை ரயிலில் போகலாம் என்று நினைத்தால், சாட்பாட் பழைய விதிப்படி கணக்குப் போட்டால் என்ன வரும் என்று பாருங்கள். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை. பிள்ளைகள் இருவருக்கும் பாதி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 2, தாத்தாவுக்கு 0.6, பாட்டிக்கு 0.5, பிள்ளைகளுக்கு 1, ஆக 4.1 டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம். நடப்பில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 முதல் முழுக் கட்டணம். ஆக, ஆறு முழு டிக்கெட். சாட்பாட் போட்ட தொகையோடு பாதியளவு சேர்த்தால் வருவதுதான் உண்மையான தொகை. IRCTC-இல் ஆறு பேரின் வயதையும் போட்டு, பணம் கட்டுவதற்கு முந்தைய திரை வரை போய்ப் பார்த்தால் சரியான எண் வந்துவிடும்.

முன்பதிவு எப்போது திறக்கும் என்பதையும் அங்கேயே பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் 120 நாளுக்குப் பதிலாக 60 நாள்தான். நான்கு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுக்கச் சொல்லும் திட்டம் பழைய விதியில் போட்டது. ராமேஸ்வரம்–கன்னியாகுமரி இரவு ரயில் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடுகிறது. உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று பார்க்காமல் அதைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

வாடகைக் காருக்கு வருவோம். மொத்தம் எவ்வளவு ஓடும்? கோவை–மதுரை 215, மதுரை–ராமேஸ்வரம் 175, தனுஷ்கோடி போய்வர 40, ராமேஸ்வரம்–கன்னியாகுமரி 310, கன்னியாகுமரி–கோவை 460. ஆக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24,000. சாட்பாட் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். டிரைவர் பேட்டா நாளுக்கு இவ்வளவு, டோல், பார்க்கிங், அவருக்குத் தங்க இடம் இவையெல்லாம் அப்புறம் வரும். சில வண்டிக்காரர்கள் தங்கள் கொட்டகையிலிருந்து கிளம்பித் திரும்பக் கொட்டகைக்கு வரும் வரை கிலோமீட்டர் எண்ணுவார்கள். நாளுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்றும் வைப்பார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு, "எல்லாம் சேர்த்து, டோல் தவிர, எவ்வளவு?" என்று ஒரே கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேரோடு டிரைவரும் சேர்ந்தால் ஏழு. ஏழு இருக்கை என்று எழுதியிருக்கும் சின்ன வண்டியில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடம் இருக்காது. மேலே கேரியர் உண்டா என்று கேட்பதும் விலை விசாரிப்பதில் ஒரு பகுதிதான்.

அறை வாடகையில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12. முன்பதிவுத் தளத்தில் முதல் திரையில் காட்டுவது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை. 11 வயதுப் பிள்ளையைப் பெரியவர் கணக்கில் சேர்க்கும் விடுதிகளும் உண்டு. லாட்ஜுக்கே போன் செய்து, அதே தேதிக்கு, கூடுதல் மெத்தையோடு, கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பாட்டிக்கு மாடிப்படியா, லிஃப்டா என்பதும் அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

### சரிசெய்த பிறகு திட்டம் எப்படி இருக்கும்?

முதல் நாள் காலையில் அவசரப்படாமல் 11 மணிக்குக் கோவையில் கிளம்பி, வழியில் சாப்பிட்டுவிட்டு, 4 மணி வாக்கில் மதுரை. அறையில் பாட்டி படுத்து எழுந்ததும், 5.30-க்குக் கோயில். நாயக்கர் மகாலை விட்டுவிடலாம். இரண்டாம் நாள் 5 மணிக்கே கிளம்பினால் 9 மணிக்கு ராமேஸ்வரம். தீர்த்தமாடி, தரிசனம் முடித்து 12.30-க்கு அறை, சாப்பாடு, ஓய்வு. நடை சாத்தியிருக்கும் நேரமே பாட்டி படுக்கும் நேரமாகிவிடுகிறது. 3 மணிக்குத் தனுஷ்கோடி, இருட்டுவதற்குள் திரும்புதல். மூன்றாம் நாள் 7 மணிக்குக் கிளம்பி, திருச்செந்தூரில் இறங்காமல், 2.30 வாக்கில் கன்னியாகுமரி. ஓய்வு, மாலையில் கடற்கரை மட்டும். நான்காம் நாள் காலை 7.30-க்கே படகு வரிசை. பாறையும் கண்ணாடிப் பாலமும் பார்த்துவிட்டு 11.30-க்குக் கிளம்பினால், கோவை வர இரவு 9 மணியைத் தாண்டும்.

அந்த நான்காம் நாளில் காரில் மட்டும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் என்பது பாட்டிக்கு அதிகம். ஐந்தாவது நாள் கிடைத்தால் மதுரையில் ஒரு இரவு தங்கலாம். கிடைக்காவிட்டால் கன்னியாகுமரியை விட்டுவிட்டு ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு தங்குவதையே நான் சொல்வேன். சரிபார்ப்பதால் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்: எதை விட வேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

திருத்திய நேரங்களைச் சாட்பாட்டிடம் கொடுத்துத் திரும்ப அடுக்கச் சொல்லலாம்; அதை நன்றாகவே செய்யும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது நான்காவது திருத்தத்தில், முதலில் சொன்ன நிபந்தனை ஏதாவது சத்தமில்லாமல் காணாமல் போகும். பகல் ஓய்வு இருந்த இடத்தில் ஒரு அருங்காட்சியகம் முளைத்திருக்கும். மாறக் கூடாதவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதார் எண்களையும் டிக்கெட்டின் படத்தையும் அங்கே போட வேண்டியதே இல்லை. வயது தெரிந்தால் போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு: ஒரு மாலை நேரம், நான்கைந்து தொலைபேசி அழைப்புகள். அப்புறம், சரிபார்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் பயணத்துக்கு முந்தைய நாள் மறுபடி பார்க்காமல் விடுவது.

## வழி 3: முழுக்க நாமே போடுவது

மேப், IRCTC, கோயில் தளம், உறவினர் அனுபவம் என்று எல்லாவற்றையும் வைத்து நாமே திட்டம் போடுவதில் ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியும். ஏற்கெனவே போய்வந்த ஊருக்கும், ஒரே ஊரில் தங்கிச் சுற்றும் பயணத்துக்கும் இதுவே சுலபம். குலதெய்வக் கோயிலுக்குப் போக யாரும் சாட்பாட்டைத் தேட வேண்டாம். பூசாரியின் எண் இருந்தால் போதும்.

மூன்று நான்கு ஊர்களைக் கோக்கும்போதுதான் சிரமம். ஒரு நாள் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். அந்த அலுப்பில் முதலில் போட்டதையே பிடித்துக்கொண்டு விடுகிறோம். நமக்குத் தெரிந்த இடங்களைத் தாண்டி யோசிக்காமல் போவதும் நடக்கும்.

## வழி 4: டிராவல்ஸ் பேக்கேஜ்

பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பது இந்த வழிக்கு மட்டுமே உரியது. படகு நின்றால் நிகழ்ச்சியை மாற்றுவது, வண்டி பழுதானால் வேறு வண்டி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வழித்தடத்தில் ஆண்டுக்கணக்காக வண்டி விடுபவருக்கு நடை நேரமும் அமாவாசைக் கூட்டமும் மனப்பாடம்.

விலையில் பார்க்க வேண்டியது, எது சேரவில்லை என்பதை. சிறப்பு தரிசனக் கட்டணம், தீர்த்தக் கட்டணம், படகுக் கட்டணம், பாறையில் தனியாக வாங்கும் நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியே. ஆறு பேருக்கு இவற்றைக் கூட்டினால் சின்னத் தொகை இல்லை. கூட்டாகப் போகும் பேருந்துப் பயணமென்றால் பாட்டியின் பகல் ஓய்வுக்கு இடமே இருக்காது. மற்றவர்கள் ஏறிவிட்டால் நீங்களும் ஏறியாக வேண்டும். தனி வண்டிப் பேக்கேஜுக்கு அந்தக் குறை இல்லை, விலை கூடும்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | சாட்பாட் மட்டும் | வரைவு + சரிபார்ப்பு | முழுக்க நாமே | டிராவல்ஸ் |
|---|---|---|---|---|
| தகவலின் புதுமை | நிச்சயமில்லை | முக்கியமானவை புதியவை | பார்த்தவை எல்லாம் புதியவை | ஆளைப் பொறுத்தது |
| வீட்டு ஆட்களுக்குப் பொருத்தம் | சொன்னால் ஓரளவு | நன்று | மிக நன்று | தனி வண்டி என்றால் மட்டும் |
| செலவாகும் நேரம் | சில நிமிடம் | ஒரு மாலை | பல மாலைகள் | இரண்டு மூன்று அழைப்பு |
| தப்பினால் | வழியில்தான் தெரியும் | பெரும்பாலும் வீட்டிலேயே தெரியும் | வீட்டிலேயே தெரியும் | அவர் பார்த்துக்கொள்வார் |

## யாருக்கு எது?

நம் ஆறு பேர் குடும்பத்துக்கு இரண்டாவது வழி. பார்க்க வேண்டியவை ஐந்தே விஷயம், அதில் இரண்டு ஒரே லாட்ஜ் அழைப்பில் முடிந்துவிடும். இதே பயணத்துக்குத் தாத்தா பாட்டி மட்டும் தனியாகக் கிளம்பினால் தயங்காமல் டிராவல்ஸில் தனி வண்டி எடுத்துக் கொடுங்கள். வழியில் ஒன்று மாறினால் அவர்கள் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் ரயிலும் பேருந்துமாகச் சுற்றினால் சாட்பாட் திட்டமும் ரயில் டிக்கெட்டும் போதும். நடை சாத்தியிருந்தால் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு நான்கு மணிக்குப் போவார்கள்.

இரண்டாவது வழியை எடுத்தால் பணம் கட்டும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் நாள்காட்டி, அடுத்து கோயில் நேரம், பயண நேரம், அதன் பிறகு கார், கடைசியில் அறை. அறையை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, எந்தத் தேதி வரை என்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மாலையில் ராமேஸ்வரம் லாட்ஜுக்கு ஒரு அழைப்பு. நான்காம் நாள் காலையில் எழுந்ததும் கன்னியாகுமரி விடுதியில், அன்று படகு விடுவார்களா என்று ஒரு கேள்வி. விட மாட்டார்கள் என்றால் காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பாட்டி மாலை வெளிச்சத்திலேயே வீடு வந்து சேர்ந்துவிடுவார்.